போலி முதல் வகை முறை: ஒன்றை மிகையாக எடுத்து மற்றொன்றின் வினைவகையைக் கண்டறிதல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு வினைபடு பொருள்களின் செறிவும் ஒரே நேரத்தில் குறைந்துகொண்டே போகின்றன. வேகம் குறைவதற்கு எது காரணம் என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஒன்றை அசையாமல் நிறுத்திவிட வேண்டும். அதற்கான எளிய வழி, அதை மிக அதிகமாக எடுத்துக்கொள்வதுதான்.

A, B என்ற இரு பொருள்கள் வினைபுரிகின்றன; வினைவேக விதி v = k[A]^m[B]^n என்று வைத்துக்கொள்வோம். m, n என்ற இந்த அடுக்குகள்தான் A-ஐயும் B-ஐயும் பொறுத்த வினைவகைகள்; இரண்டும் தெரியாது. A-ஐப் போல ஆயிரம் மடங்கு B எடுத்தால், A முழுவதும் தீர்ந்த பிறகும் B-இல் ஆயிரத்தில் ஒரு பங்குதான் செலவாகியிருக்கும். ஆகவே [B]^n என்ற பகுதி வினை முழுவதும் ஒரு மாறிலியாகவே நிற்கிறது. அதை k-யுடன் சேர்த்து k′ = k[B]^n என்று எழுதிவிடலாம். மிஞ்சுவது v = k′[A]^m. இப்போது செறிவு நேரத்துடன் எப்படிக் குறைகிறது என்பதை A மட்டுமே தீர்மானிக்கிறது. m = 1 என்று தெரியவந்தால், அந்த நிலைமைகளில் நடக்கும் வினையைப் போலி முதல் வகை வினை என்கிறோம்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வினையின் இயல்பு எதுவும் இதனால் மாறுவதில்லை; நாம் அமைத்த நிலைமைதான் அப்படி. n-உம் 1 என்றால், அதே இரு பொருள்களைச் சம செறிவில் கலந்தால் அது இரண்டாம் வகை வினையாகவே நடந்துகொள்ளும்.

ஒரு குறிப்பிட்ட வினையை வைத்துச் சொல்ல முடியுமா? என்னென்ன எவ்வளவு எடுக்க வேண்டும்?

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே வினையைத்தான் பின்தொடரப் போகிறோம்: கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயத்துக்கும் சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் இடையிலான வினை. சாயம் கரைசலில் நேர்மின் அயனியாக இருக்கிறது. ஹைட்ராக்சைடு அயனி அதன் நடுக் கார்பனுடன் சேர்ந்ததும் நிறத்துக்குக் காரணமான அமைப்பு குலைந்து, கரைசல் நிறமற்றதாகிறது.

CV⁺ + OH⁻ → CVOH

போலி முதல் வகை முறைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. சாயம் மிகக் குறைந்த செறிவிலேயே ஆழ்ந்த நிறம் காட்டும். வினைவிளை பொருளுக்கோ மிகையாக எடுக்கும் ஹைட்ராக்சைடுக்கோ நிறம் கிடையாது. ஆக, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரை 590 நானோமீட்டர் அலைநீளத்தில் வைத்தால் அது காட்டுவது சாயத்தை மட்டுமே.

கலந்த பிறகு சாயத்தின் செறிவு 1.0 × 10⁻⁵ M ஆகவும், ஹைட்ராக்சைடின் செறிவு 0.020 M ஆகவும் இருக்கட்டும். சம கனஅளவுகளைக் கலப்பதாக இருந்தால், தனித்தனிக் கரைசல்கள் இதைப் போல இரு மடங்கு செறிவில் இருக்க வேண்டும்: சாயம் 2.0 × 10⁻⁵ M, சோடியம் ஹைட்ராக்சைடு 0.040 M. பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் 0.040 என்ற எண்ணையே கணக்கில் போட்டுவிடுவது மிகவும் சாதாரணமாக நடக்கும் பிழை. அப்படிச் செய்தால் வினைவகை சரியாகவே வரும். ஆனால் k பாதியாகிவிடும். வினைவகை சரியாக வந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் எழாது என்பதுதான் இந்தப் பிழையின் ஆபத்து.

கலந்தவுடன் கியூவெட்டில் ஊற்றி அளவீட்டைத் தொடங்க வேண்டும். 1 செ.மீ. தடிமனுள்ள கியூவெட்டில் தொடக்க ஒளி உறிஞ்சல் ஏறத்தாழ 0.9 இருக்கும். கருவி நம்பகமாக அளக்கும் எல்லைக்குள் அது வசதியாக அடங்குகிறது.

மிகை என்றால் எவ்வளவு? பத்து மடங்கு போதும் என்று படித்தேன்.

பத்து மடங்கு என்பது கீழ் எல்லை. எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது போதுமா என்று சொல்ல முடியும்.

A 0.001 M, B 0.010 M என்று எடுத்துப் பாருங்கள். வினை பாதி முடியும்போது B 0.0095 M; முழுவதும் முடியும்போது 0.0090 M. B-ஐப் பொறுத்த வினைவகை 1 என்றால், மாறிலி என்று நாம் நம்பிய k′ தொடக்கத்தைவிட இறுதியில் 10 சதவீதம் குறைந்திருக்கும். வரைபடத்தில் இந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. புள்ளிகள் கோட்டின் மேலேயே அமர்ந்திருப்பதுபோல் தோன்றும். சாய்வு மட்டும் 5 சதவீதம் அளவுக்குக் குறைவாக வரும். வினைவகையை மட்டும் அறிய இது போதும். k-யைத் துல்லியமாக அறிய வேண்டுமென்றால் போதாது. நூறு மடங்குக்கு மேல் போக வேண்டும்.

இந்தக் கணக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வினைபுரியும் பொருள்களுக்கு மட்டுமே பொருந்தும். ஒரு மோல் A ஐந்து மோல் B-ஐத் தின்னும் வினையில் B-ஐப் பத்து மடங்கு எடுத்தால், முடிவில் B பாதிதான் மிஞ்சும். அதை மாறிலி என்று சொல்லவே முடியாது. ஆகவே மடங்கைக் கணக்கிடும்போது சமன்பாட்டின் குணகங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

நம் சாய வினையில் விகிதம் 2000. சாயம் முழுவதும் மறைந்தாலும் ஹைட்ராக்சைடு குறைவது 0.05 சதவீதம்தான். ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவையே அவ்வளவு துல்லியமாக நாம் அறிந்திருக்க மாட்டோம்.

அளவீடுகள் கையில் இருக்கின்றன. அவற்றிலிருந்து வினைவகையை எப்படி எடுப்பது?

கீழே உள்ளவை முறையை விளக்குவதற்காகக் கணக்கிட்டு எடுத்த எண்கள். சோதனையில் வரும் எண்களில் கடைசி இலக்கம் கொஞ்சம் அங்கும் இங்கும் ஆடும். மற்றபடி போக்கு இதுதான். ஹைட்ராக்சைடு 0.020 M. இங்கிருந்து A என்பது சாயத்தின் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் ஒளி உறிஞ்சலைக் குறிக்கிறது.

| நேரம் (வினாடி) | ஒளி உறிஞ்சல் A | ln A | 1/A |
|---|---|---|---|
| 0 | 0.900 | −0.105 | 1.11 |
| 100 | 0.667 | −0.405 | 1.50 |
| 200 | 0.494 | −0.705 | 2.02 |
| 300 | 0.366 | −1.005 | 2.73 |
| 400 | 0.271 | −1.306 | 3.69 |
| 500 | 0.201 | −1.604 | 4.98 |

பூஜ்ஜிய வகையில் A-உம், முதல் வகையில் ln A-உம், இரண்டாம் வகையில் 1/A-உம் நேரத்துடன் சீராக மாறும். வரைபடம் போடுவதற்கு முன்பே, ஒவ்வொரு நிரலிலும் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைப் பாருங்கள். A நிரலில் 100 வினாடிக்கு ஒருமுறை குறையும் அளவு 0.233, 0.173, 0.128 என்று சுருங்கிக்கொண்டே போகிறது. ஆகவே இது பூஜ்ஜிய வகை அல்ல. 1/A நிரலில் ஏற்றம் 0.39, 0.52, 0.71, 0.96, 1.29 என்று விரிந்துகொண்டே போகிறது. ஆகவே சாயத்தைப் பொறுத்து இரண்டாம் வகையும் அல்ல. ln A நிரலில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 0.300 என்ற ஒரே அளவுதான் குறைகிறது. சாயத்தைப் பொறுத்து வினைவகை 1.

சாய்வு −0.300 ÷ 100, அதாவது k′ = 3.0 × 10⁻³ s⁻¹. அரை வாழ்காலம் 0.693 ÷ k′ = 231 வினாடி.

ln A வரைபடம் நேர்கோடாக வந்துவிட்டது. R² மதிப்பும் 0.99-க்கு மேல். இத்துடன் முதல் வகை என்று முடிவு செய்துவிடலாமா?

எவ்வளவு நேரம் அளந்தீர்கள் என்பதைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். இந்த முறையில் நடக்கும் தவறான முடிவுகளில் பெரும்பாலானவை, சீக்கிரம் நிறுத்திவிடுவதால் வருகின்றன என்பது என் உறுதியான கருத்து.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உண்மையில் இரண்டாம் வகையாக நடக்கும் ஒரு வினையை எடுத்து, தவறுதலாக ln A வரைபடம் போடுகிறோம் என்று கொள்வோம். செறிவு பாதியாகும் வரை மட்டும் அளந்தால், தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து நடுப்புள்ளி விலகுவது 0.06 மட்டுமே. ஒளி உறிஞ்சலில் இது 6 சதவீத வித்தியாசம். சோதனையின் சிதறலுக்குள் அது எளிதாக ஒளிந்துகொள்ளும், R² 0.99-ஐத் தாண்டியே நிற்கும். அதே வினையைச் செறிவு எட்டில் ஒரு பங்காகும் வரை அளந்தால், நடுப்புள்ளி விலகல் 0.46 ஆகிவிடும். வரைபடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தாலே வளைவு தெரியும்.

ஆகவே குறைந்தது மூன்று அரை வாழ்காலங்கள் அளந்தாக வேண்டும். நம் வினையில் அது 700 வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. மேலே உள்ள அட்டவணை 500 வினாடியில் நிற்கிறது, அதாவது இரண்டு அரை வாழ்காலங்களைச் சற்றே கடந்திருக்கிறது. ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதும் முடிவு என்றால் இன்னும் 200 வினாடியாவது காத்திருக்கச் சொல்வேன்.

R²-ஐ நம்புவதைவிட, ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைத் தனியாக வரைந்து பாருங்கள். விலகல்கள் மேலும் கீழுமாகக் கலைந்து கிடந்தால் கவலையில்லை. முதலில் எல்லாம் மேலே, நடுவில் எல்லாம் கீழே, கடைசியில் மறுபடி மேலே என்று ஒழுங்காக வந்தால், R² எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அது நேர்கோடு அல்ல.

இன்னொரு சோதனையும் உண்டு. இதை விடாமல் செய்யுங்கள். ஹைட்ராக்சைடை அப்படியே வைத்துக்கொண்டு, சாயத்தின் தொடக்கச் செறிவைப் பாதியாக்கி மறுபடி ஒருமுறை அளங்கள். உண்மையிலேயே முதல் வகை என்றால் அரை வாழ்காலம் 231 வினாடியாகவே இருக்கும். சாயத்தைப் பொறுத்து இரண்டாம் வகையாக இருந்தால் அது இரு மடங்காகும். ஒரு வளைவின் வடிவத்தை உற்றுப் பார்ப்பதைவிட இரண்டு ஓட்டங்களை ஒப்பிடுவது உறுதியான சான்று.

சாயத்தின் செறிவு சரியாக எவ்வளவு என்று தெரியவில்லை. கலந்த கணத்தையும் துல்லியமாகக் குறிக்க முடியவில்லை. அளவீடு வீணா?

வீணில்லை. முதல் வகைக்கே உரிய வசதி இது. ஒளி உறிஞ்சல் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் வரை, அந்த விகித மாறிலி ln எடுக்கும்போது தனி எண்ணாகப் பிரிந்து, கோட்டை மேலோ கீழோ நகர்த்துமே தவிர சாய்வைத் தொடாது. கடிகாரத்தைப் பத்து வினாடி தாமதமாகத் தொடங்கினாலும் அப்படித்தான். கோடு பக்கவாட்டில் நகரும், சாய்வு மாறாது. இரண்டாம் வகை வினையாக அளந்திருந்தால் k-க்குச் சாயத்தின் உண்மையான செறிவு கட்டாயம் வேண்டும். மிகையாக எடுத்த ஹைட்ராக்சைடின் செறிவை மட்டும் சரியாக அறிந்திருங்கள். அடுத்த கட்டம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

இந்த நேர்கோட்டிலிருந்தே ஹைட்ராக்சைடின் வினைவகையும் 1 என்று சொல்லலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு ஓட்டத்தின் நேர்கோடு, குறைவாக எடுத்த பொருளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மிகையாக எடுத்த பொருளைப் பற்றி அது எதுவும் சொல்லாது, சொல்ல முடியாது. ஹைட்ராக்சைடு அந்த ஓட்டம் முழுவதும் மாறவே இல்லை. மாறாத ஒன்று வேகத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதை அந்த ஓட்டத்திலிருந்து அறிய வழியில்லை. n-இன் மதிப்பு 0 ஆக இருந்தாலும், 1 ஆக இருந்தாலும், 2 ஆக இருந்தாலும் ln A வரைபடம் நேர்கோடாகவே வந்திருக்கும். n பற்றிய செய்தி முழுவதும் k′ என்ற ஒற்றை எண்ணுக்குள் அடைபட்டிருக்கிறது.

அதை வெளியே எடுக்க, மிகைச் செறிவை ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்ற வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்குள்ளும் ஹைட்ராக்சைடு மாறாமல் இருக்கும். ஓட்டங்களுக்கு இடையில் மாறும். எடுத்துக்காட்டாக:

| [OH⁻] (M) | k′ (s⁻¹) | அரை வாழ்காலம் (வினாடி) |
|---|---|---|
| 0.010 | 1.5 × 10⁻³ | 462 |
| 0.020 | 3.0 × 10⁻³ | 231 |
| 0.040 | 6.0 × 10⁻³ | 116 |

செறிவு இரு மடங்கானால் k′-உம் இரு மடங்காகிறது. k′ = k[OH⁻]^n என்பதால் ln k′ = ln k + n ln[OH⁻]. இரண்டின் மடக்கையையும் எடுத்து வரைந்தால் சாய்வு நேராக n-ஐத் தரும். இங்கே அது 1. பிறகு k = k′ ÷ [OH⁻] = 3.0 × 10⁻³ ÷ 0.020 = 0.15 M⁻¹ s⁻¹. முழு விதி v = k[CV⁺][OH⁻], மொத்த வினைவகை 2.

k-யின் அலகைக் கவனியுங்கள். k′-க்கு s⁻¹, k-க்கு M⁻¹ s⁻¹. விடைத்தாளில் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம், k′-க்குள் ஒரு செறிவு ஒளிந்திருக்கிறது என்பது அந்த மாணவருக்குப் போய்ச் சேரவில்லை என்று புரிகிறது.

எனக்கு ஹைட்ராக்சைடின் வினைவகை 0.85 என்று வந்தது. பின்ன வகை என்று எழுதலாமா, அல்லது 1 என்று முழுமையாக்கிவிடலாமா?

இரண்டும் வேண்டாம். முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: எல்லா ஓட்டங்களிலும் அயனி வலிமையை, அதாவது கரைசலில் உள்ள எல்லா அயனிகளின் செறிவையும் மின்சுமையையும் சேர்த்துச் சொல்லும் அளவை, சமமாக வைத்திருந்தீர்களா?

சாயம் நேர்மின் அயனி. ஹைட்ராக்சைடு எதிர்மின் அயனி. கரைசலில் அயனிகள் பெருகப் பெருக, ஒவ்வோர் அயனியையும் சுற்றி எதிர் மின்சுமை கொண்ட அயனிகளின் சூழல் அடர்த்தியாகிறது. நேரும் எதிருமான இரு அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பு அதனால் பலவீனமடைகிறது, k குறைகிறது. சோடியம் ஹைட்ராக்சைடைக் கூட்டும்போது நீங்கள் ஹைட்ராக்சைடை மட்டும் கூட்டவில்லை, அயனி வலிமையையும் சேர்த்தே கூட்டுகிறீர்கள். செறிவு k′-ஐ மேலே தள்ள, அயனி வலிமை அதைச் சிறிது கீழே இழுக்கிறது.

எவ்வளவு இழுக்கும் என்று டிபை–ஹக்கெல் கொள்கையைக் கொண்டு மதிப்பிடலாம். சோடியம் ஹைட்ராக்சைடு 0.010 M-இலிருந்து 0.040 M-க்கு உயரும்போது k ஏறத்தாழ 16 முதல் 21 சதவீதம் வரை குறைய வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. k′ நான்கு மடங்கு ஆவதற்குப் பதிலாக 3.2 முதல் 3.4 மடங்குதான் ஆகும். அதிலிருந்து கிடைக்கும் வினைவகை 0.83-க்கும் 0.87-க்கும் இடையில். உங்கள் 0.85 அதற்குள் வந்து உட்காருகிறது. அளவீடு நன்றாகவே நடந்திருக்கிறது. ஆனால் ஒன்றுக்குப் பதிலாக இரண்டை மாற்றியிருக்கிறீர்கள்.

சரிசெய்வது எளிது. வினையில் கலந்துகொள்ளாத உப்பு ஒன்றைச் சேர்த்து மொத்தத்தைச் சமன் செய்யுங்கள். 0.010 M ஹைட்ராக்சைடு உள்ள ஓட்டத்தில் 0.030 M சோடியம் குளோரைடு, 0.020 M உள்ளதில் 0.020 M, 0.040 M உள்ளதில் உப்பு வேண்டாம். மூன்றிலும் அயனி வலிமை 0.040 M. மேலே கொடுத்த மூன்று ஓட்டங்களையும் அப்படிச் சமன் செய்ததாகவே கொள்ளுங்கள். கிடைக்கும் k அந்த அயனி வலிமைக்கு உரியது என்பதையும் முடிவுடன் சேர்த்து எழுதிவிட வேண்டும்.

0.85-ஐச் சத்தமில்லாமல் 1 ஆக்கியிருந்தால் விடை சரியாக இருந்திருக்கும், ஆனால் k தவறாகவே இருந்திருக்கும்.

கோடு தொடக்கத்தில் நேராக இருக்கிறது, கடைசியில் படுத்துவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் வினை முடிந்த பிறகும் கருவி பூஜ்ஜியம் காட்டாததால்தான். நம் அட்டவணையின் ஒவ்வொரு ஒளி உறிஞ்சலிலும் 0.020 கூடுதலாக ஒட்டிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 0.900-க்குப் பதில் 0.920, யாரும் கவனிக்க மாட்டார்கள். 1000 வினாடியில் உண்மையான மதிப்பு 0.045, கருவி காட்டுவது 0.065. ln மதிப்பு −3.11 ஆக இருக்க வேண்டியது −2.74 ஆகிறது. கடைசிப் புள்ளிகள் கோட்டை விட்டு மேலே எழுந்து நிற்கும். பார்ப்பதற்கு வினை மந்தமானதுபோல் தோன்றும்.

கிரிஸ்டல் வயலட்டில் இதற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. சாயம் கியூவெட்டின் சுவரில் படிந்துவிடும். காலியான கியூவெட்டை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். மெல்லிய ஊதா தெரிந்தால் குற்றவாளி அதுதான். கண்ணாடிக் கியூவெட்டை எத்தனாலால் அலசி, பிறகு நீரால் நன்றாகக் கழுவுங்கள்.

படிவு இல்லாவிட்டாலும் இறுதி மதிப்பை அளந்து கழித்துவிடுவதே முறை. பத்து அரை வாழ்காலங்கள் காத்திருந்து A∞ எடுத்து, ln(A − A∞) வரையுங்கள். அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதபோது, 1926-இல் வேதியியலாளர் குகன்ஹைம் தந்த வழி உதவும்: ஒவ்வோர் அளவீட்டிலிருந்தும் அதற்கு இரண்டு மூன்று அரை வாழ்காலங்கள் பிந்திய அளவீட்டைக் கழித்து, அந்த வித்தியாசத்தின் ln-ஐ நேரத்துக்கு எதிராக வரைந்தால் A∞ தெரியாமலேயே சாய்வு −k′ கிடைக்கும். இடைவெளி எல்லாப் புள்ளிகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரே ஓட்டத்தை மறுபடி செய்தால் k′ வேறாக வருகிறது. எதைச் சந்தேகிப்பது?

முதலில் வெப்பநிலையை. 10 பாகைக்கு வேகம் இரு மடங்காகும் வினையில் ஒரு பாகைக்கு 7 சதவீதம் மாறும். கருவியின் விளக்கு கியூவெட் அறையைச் சூடாக்கினால், காலையில் எடுத்த ஓட்டமும் மாலையில் எடுத்த ஓட்டமும் ஒத்துப்போகாது. இரு கரைசல்களையும் கலப்பதற்கு முன்பே ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்து ஹைட்ராக்சைடு கரைசலை. திறந்து வைத்தால் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கார்பனேட்டாக மாறும். ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகளை எடுத்துக்கொள்கிறது. k′ நாளுக்கு நாள் ஒரே திசையில் குறைந்துகொண்டே போனால் இதுதான் காரணம். வெப்பநிலைப் பிழை மேலும் கீழும் ஆடும். இது இறங்கிக்கொண்டே போகும்.

நேர்மாறாகச் செய்து, சாயத்தை மிகையாக எடுத்து ஹைட்ராக்சைடின் வினைவகையை நேரடியாகப் பார்க்கக் கூடாதா?

கொள்கை அளவில் கூடும். இந்த வினையில் முடியாது. 0.001 M ஹைட்ராக்சைடுக்கு நூறு மடங்கு சாயம் என்றால் 0.1 M. அதன் ஒளி உறிஞ்சல் ஆயிரக்கணக்கில் போகும். எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. அளவிட வசதியான பொருளைக் குறைவாகவும் மற்றதை மிகையாகவும் எடுப்பது இதனால்தான் வழக்கம். இரண்டும் நிறமற்றவையாக இருந்து தனித்தனியாக அளக்க முடிகிற வினைகளில் இரு திசையிலும் செய்து பார்ப்பது நல்லது.

மிகையை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டே போகலாமா?

மேல் எல்லையும் உண்டு. ஹைட்ராக்சைடை 1 M ஆக்கினால், k அப்படியே 0.15-இல் நின்றாலும் அரை வாழ்காலம் 5 வினாடிக்கும் குறைவு. நீங்கள் கலந்து, கியூவெட்டை வைத்து, மூடியை மூடுவதற்குள் நிறம் போய்விட்டிருக்கும். அவ்வளவு செறிவில் அயனி வலிமைக் கணக்கும் எளிய சமன்பாடுகளுக்குள் அடங்காது.

வேறு வினைகளில் இன்னொன்றைக் காணலாம். மிகையைக் கூட்டக் கூட்ட k′ நேர்கோட்டில் ஏறாமல், ஓர் உச்ச மதிப்பை நோக்கி வளைந்து சமன் ஆகிவிடும். இதைப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இரு பொருள்களும் முதலில் விரைவாக ஒரு சமநிலையில் இணைந்து இடைநிலைப் பொருள் உருவாகி, அது மெதுவாக மாறும் வினைவழிமுறை இப்படித்தான் வெளிப்படும். செறிவு அதிகமானால் எல்லாமே இடைநிலைப் பொருளாகிவிடுவதால், மேலும் சேர்ப்பதில் பயனில்லாமல் போகிறது. அங்கே வினைவகை ஒரே எண் அல்ல. குறைந்த செறிவில் 1, உயர்ந்த செறிவில் 0. இதனால்தான் இரண்டு செறிவுகளை மட்டும் வைத்து n-ஐ முடிவு செய்யக் கூடாது என்கிறேன். மூன்று குறைந்தபட்சம்; ஐந்து இருந்தால் வளைவு இருக்கிறதா என்று தெரியும்.

k′-ஐ [OH⁻]-க்கு எதிராக வரைந்தால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. வெட்டுத்துண்டுக்கு ஏதாவது பொருள் உண்டா?

சிதறலின் அளவைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால் உண்டு. ஹைட்ராக்சைடு இல்லாமலும் சாயம் மறையும் இன்னொரு வழி இருக்கலாம்; k′ = k₀ + k[OH⁻] என்று எழுதலாம். அல்லது வினை மீள்தன்மை கொண்டதாக இருக்கலாம். அப்போது வெட்டுத்துண்டு பின்னோக்கு வினையின் மாறிலி. இரண்டையும் பிரித்தறிய A∞-ஐப் பாருங்கள். மீள்வினை என்றால் நிறம் முழுவதும் போகாது; ஹைட்ராக்சைடு குறைவாக உள்ள ஓட்டத்தில் மிஞ்சும் நிறம் அதிகமாக இருக்கும். நாம் எடுத்த செறிவுகளில் கிரிஸ்டல் வயலட்டின் சமநிலை பெரிதும் நிறமற்ற பக்கமே சாய்ந்திருப்பதால், இங்கே பெரிய வெட்டுத்துண்டு வந்தால் நான் முதலில் கரைசல்களின் செறிவைத்தான் சரிபார்ப்பேன்.

வெட்டுத்துண்டு இருக்கும்போது ln k′ – ln[OH⁻] வரைபடம் ஏமாற்றும். சாய்வு 1-ஐவிடக் குறைவாக, பின்னமாக வரும். ஆகவே இரு வரைபடங்களையும் போடுங்கள்.

பாடப்புத்தகத்தில் எஸ்டரின் நீராற்பகுப்பைத்தான் போலி முதல் வகைக்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். அதிலும் நீரின் வினைவகையை இதே வழியில் கண்டுபிடிக்கலாமா?

அங்கே ஒரு தடை இருக்கிறது. நீர்த்த கரைசலில் நீரின் செறிவு ஏறத்தாழ 55.5 M; எஸ்டர் அதில் மிகச் சிறு பங்கு. எனவே எஸ்டரைப் பொறுத்த வினைவகை அழகாக 1 என்று வரும். ஆனால் நீரின் செறிவைப் பாதியாக்க வேண்டுமென்றால் மீதி இடத்தை வேறொரு கரைப்பானால் நிரப்பியாக வேண்டும். அப்போது மாறுவது நீரின் செறிவு மட்டுமல்ல, வினை நடக்கும் ஊடகமே மாறிவிடுகிறது. k′ எவ்வளவு மாறினாலும் அதில் எவ்வளவு பங்கு செறிவால் வந்தது, எவ்வளவு கரைப்பானால் வந்தது என்று சொல்ல இயலாது. நீரே கரைப்பானாக இருக்கும் வினைகளில் v = k[எஸ்டர்][H₂O] என்று எழுதும்போது, இரண்டாவது காரணி இந்த அளவீட்டிலிருந்து வந்ததல்ல. ஜெர்மன் விஞ்ஞானி வில்ஹெல்மி 1850-இல் அமிலத்தில் சர்க்கரை மாறும் வேகத்தை அளந்தபோதும் நீரின் நிலை இதுவேதான். அவரால் சர்க்கரையின் செறிவையும் அமிலத்தின் அளவையும் மாற்ற முடிந்தது. ஊடகமாக இருந்த நீரை அப்படி மாற்ற வழியில்லை.